நடுமடிப்பு

நான் கல்யாணமாகி வந்தபோது அந்தச் சுரங்கக் கம்பெனிக் குவார்ட்டர்ஸில் எனக்கு முன்பே ஒருத்தி இருந்தாள். படுக்கையறைப் பரண்மேல், மூடிபோட்ட மூங்கில் பெட்டியில். என் கணவரின் முதல் மனைவி. புருஷனும் பூவுமாகச் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுடைய முகூர்த்தப் பட்டைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை, ஒரு முழத்துக்குக் குறையாத ஜரிகை முந்தி. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கி, மூட்டையின் வெளித்துணியில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டித் திரும்ப ஏற்றிவிடுவார்கள். பட்டைப் பிரிக்கக் கூடாது. அவள் மகளின் கல்யாணத்துக்குத்தான் பிரிப்பது, மகள்தான் கட்டுவது என்று முத்தாண்டிக்குப்பத்தில் இருந்த என் நாத்தனார் சட்டம் போட்டிருந்தார். அந்த மகளுக்கு அப்போது ஐந்து வயது.

இதில் எனக்கு என்ன வம்பு என்றால், எனக்குப் பட்டைப் பற்றித் தெரியும். கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் கடலூரில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் வேலை பார்த்தவள் நான். விற்கிற இடத்தில் இல்லை, சரக்கு வைக்கிற இடத்தில். கடல்காற்று ஜன்னல் இடுக்கில் வந்தாலே ஜரிகை கறுக்கும். ஐப்பசி கார்த்திகையில் அலமாரிக்குள் பூஞ்சை பூக்கும். அங்கே என் வேலையே இருந்த புடவைகளை இருந்தபடி இருக்கவிடாமல் மாற்றி மாற்றி மடிப்பதுதான். பட்டு ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில் இழை நொந்துபோகும். பார்க்க ஒன்றும் தெரியாது. ஒருநாள் பிரித்து உதறும்போது கத்தி வைத்து இழுத்த மாதிரி வாய் பிளக்கும். இந்த ஊர்க் குவார்ட்டர்ஸ் சுவரோ மழைக்காலம் முழுக்க ஓதம் கோத்து நிற்கும். இங்கே அந்த மகள் கல்யாண வயசுக்கு வரும்வரை, பதினேழு வருஷம், ஒரு பட்டை ஒரே மடிப்பில் மூட்டை கட்டி வைப்பதாவது!

வந்த புதிதில் அவரிடம் சொன்னேன். "என்னங்க, அந்தப் பொடவைய வருஷத்துக்கு நாலு தரமாவது பிரிச்சு மடிப்பு மாத்தணுங்க. இல்லன்னா பொண்ணு கட்டுறதுக்குள்ள போயிடும்."

மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையைச் சோற்றில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "அத நீ தொடாத." அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

தொடாதே என்றால் தொட்டுப் பார்க்கிற குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் இதில் குணம் பாதி, பயம் பாதி. பதினேழு வருஷம் கழித்து அந்தப் புடவையைப் பிரிக்கும்போது ஒரு பூச்சித் துளை இருந்தாலும், ஒரு கீறல் இருந்தாலும், யார்மேல் பழி விழும்? செத்தவள்மேலா? சித்தியாக வந்தவள்மேல்தான். அவள் மனசு குளிரவில்லை, இவள் வந்த நேரம் என்பார்கள். அதை அந்தக் குழந்தையும் கேட்டுக்கொண்டிருக்கும். என்னை 'சித்தி' என்று கூப்பிட்டுக்கொண்டு என் இடுப்பிலேயே தொங்கிய குழந்தை அது. அவள் என்னை அப்படிப் பார்க்கிற ஒரு நாளை நினைக்கவே எனக்கு முடியவில்லை.

அதனால் திருட்டுத்தனமாகச் செய்தேன். தை, சித்திரை, ஆடி, புரட்டாசி என்று வருஷத்துக்கு நான்கு முறை. அவர் காலை ஷிஃப்ட் போகிற வாரமாக, பெண் பள்ளிக்கூடம் போனபிறகு, வெயிலடிக்கிற உலர்ந்த நாளாகப் பார்த்துக் கதவைத் தாழிட்டுப் பெட்டியை இறக்குவேன். மழை நாளில் திறந்தால் ஈரத்தைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைக்கிற மாதிரி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்வேன், எண்ணெய் மஞ்சள் எதுவும் பட்டில் படக்கூடாது. தரையில் பாய், பாய்மேல் துவைத்த வேட்டி, அதன்மேல் புடவை. ஜன்னலைச் சாத்திவிடுவேன். நேர் வெயில் பட்டால் அரக்கு வெளுக்கும். ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் கிடக்கவிட்டு, கரையோரமெல்லாம் பூச்சிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பேன். வெளித்துணிக்குள் சுற்றியிருந்த பழைய வேட்டித்துணிக்குப் பதிலாக, பார்க்க அதே மாதிரி, கஞ்சி போடாத இன்னொரு வேட்டித்துணி. கஞ்சி வாசனைக்குத்தான் பூச்சி வரும். வசம்பும் கிராம்பும் முடிந்த சிறு முடிச்சைப் பெட்டி மூலையில் போடுவேன், பட்டில் படாமல். அதற்கு நாத்தனாரே சம்மதம் சொல்லியிருந்தார். அந்துருண்டை கிட்டேயே வராது, ஜரிகையைக் கெடுத்துவிடும்.

மடிப்புதான் முக்கியம். அந்தப் புடவை அகலத்தில் சரிபாதியாக, கரையோடு கரை சேர்த்து மடிக்கப்பட்டிருந்தது. நடுவே ஓடிய அந்தக் கோடு ஏற்கெனவே வெளிறத் தொடங்கியிருந்தது. நான் அதை மூன்றாக மடித்தேன். நடுக்கோடு மடிப்பில் விழாமல் தட்டையாகப் படுத்துக்கொள்ளும்படி. ஜரிகை முந்தியை உள்ளே விட்டு, அழுத்தாமல் தளர்வாக மூட்டை கட்டினேன். அதைக் கட்டிப் பரணில் வைத்தபோது, செத்தவளிடம் "கோச்சிக்காதீங்க, உங்க பொண்ணுக்காகத்தான்" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்துத் திறந்தேன். புடவை பழைய மடிப்பில் இருந்தது.

நான் மறந்துவிட்டேனோ என்று முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். பாதியாக, கரையோடு கரை, முந்தி மேலே பார்க்க, ஜரிகை பளபளத்துக்கொண்டிருந்தது. நடுமடிப்பு முன்பைவிடக் கூர்மையாக இருந்தது. திரும்ப மூன்றாக மடித்தேன். இந்த முறை மூட்டையைக் கடையில் கட்டுகிற முடிச்சால் கட்டினேன், அந்த முடிச்சு எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வராது.

அடுத்த முறை முடிச்சு வேறாக இருந்தது. புடவை மறுபடியும் பாதியாக மடிந்திருந்தது.

அன்றைக்கு நான் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, எதிர்வரிசைக் குவார்ட்டர்ஸ் அம்மாவிடம் போய் ஒரு காரணமுமில்லாமல் அரைமணி நேரம் கறிவேப்பிலை விலை பேசிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். சாலையில் டவுன்ஷிப் பஸ் போகிறது.

எனக்குச் சாமி உண்டு, ஆனால் பேய் பிசாசில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. இருந்தும் வேறு எப்படி யோசிப்பது? பெண் சிறு பிள்ளை, பரண் எட்டாது. அவரோ தொடாதே என்று சொன்ன மனிதர், ஆடி வெள்ளியன்று பெட்டியை இறக்கும்போதுகூட எட்டி நின்று கும்பிடுகிறவர். வேறு யாரும் வீட்டில் இல்லை. இது என் மடிப்பு, நீ யார் மாற்ற என்று அவள் சொல்வதாகத்தான் எனக்குப் பட்டது. வீட்டுக்கு முதலில் வந்தவள் சொல்கிறாள், இரண்டாவதாக வந்தவளிடம்.

பிறகு ஒரு புரட்டாசியில் நடந்ததுதான் என்னை உலுக்கியது. மெயின் பஜாரில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்து ஓரம் அடித்துத் தருகிற கடை ஒன்று அப்போது வைத்திருந்தேன். அன்று மதியம் கரண்ட் இல்லை, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் நைட் ஷிஃப்ட் முடித்து முன்னறையில் பாயில் தூங்கிப்போய், நான் வந்த சத்தத்தில் எழுந்து, டீ குடிக்கக் கேன்டீன் பக்கம் போனார். வானம் மூடிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உள்ளறைக்குப் போனேன். மூட்டை பரணில் இல்லை. பெட்டி மூடி திறந்து கிடந்தது. ஒரு நிமிஷம் அசையாமல் நின்றுவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். வாசல் கதவுச் சத்தம் கேட்டது, அவர் வந்து மறுபடியும் முன்னறைப் பாயில் படுத்துவிட்டார் என்று தெரிந்தது. பயத்தை அவரிடம் சொல்ல வாய் வராமல் அரிசி களைய உட்கார்ந்தேன். மாலை அவர் கறிகாய் வாங்கப் போனதும் திரும்பப் போய்ப் பார்த்தேன். பெட்டி மூடியிருந்தது. மூட்டை உள்ளே இருந்தது. தொட்டேன். மழைக்குளிரில் அறையெல்லாம் சில்லென்றிருக்க, மூட்டை மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்பில் இருந்து கழற்றிய துணிக்கு இருக்குமே, அந்தச் சூடு.

அவரைச் சந்தேகித்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். இன்றைக்கு எனக்கும் அது தோன்றுகிறது. பயந்தவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் நிறுத்தவில்லை. பயத்தைவிடப் பிடிவாதம் பெரிது எனக்கு. நான் மூன்றாக மடிப்பேன், அவள் பாதியாக மடிப்பாள். வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. பூச்சி வரவில்லை, பூஞ்சை வரவில்லை, நிறம் ஒரு பொட்டும் மங்கவில்லை. என் கடைக்கு வருகிற ஆபீசர் வீட்டு அம்மாக்கள் கீறல் விழுந்த பட்டுகளைக் கொண்டுவந்து அழும்போது, மடிப்பை மாற்றுங்கள், அழுத்தாதீர்கள், பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள் என்று பெரிய இவளாகப் பாடம் சொல்வேன். வீட்டில் ஒரு பட்டு என் கண்முன்னால் நடுக்கோட்டில் நொந்துகொண்டிருந்தது. நான் எத்தனை முறை அந்தக் கோட்டைத் தட்டையாக்கினாலும், அடுத்த முறை அது இன்னும் அழுத்தமாக மடிந்திருக்கும்.

பெண் பி.காம் முடித்தாள், வேலைக்குப் போனாள், வரன் அமைந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சித்தி, முகூர்த்தத்துக்கு எங்கம்மா பொடவதான். வேற எதுவும் வேணாம்." சரிம்மா என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு, வெள்ளிக்கிழமை, பெட்டியை இறக்கினார்கள். கூடத்தில் கோலம் போட்டு, இலை போட்டு, படையல் வைத்து, நாத்தனார் தலைமையில் மூன்று சுமங்கலிகள். நான் ஓரமாக நின்றேன். கற்பூரம் காட்டியபின் நாத்தனார் மூட்டையை அவிழ்த்து, முதல் முறையாக எல்லார் முன்னாலும் புடவையைப் பிரித்தார். புதுப் புடவை மாதிரி நிறம். எல்லார் வாயிலிருந்தும் ஒரு 'அம்மாடி' வந்தது. அப்புறம் முந்தியை விரித்தார். நடுக்கோட்டில், ஜரிகைக் கனத்தில், நான்கு விரற்கடை நீளத்துக்குப் பட்டு வாய் பிளந்துகொண்டது. அந்தச் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது.

நாத்தனார் புடவையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்கு மனசு இல்ல. பிரிக்கசொல்லவே கிழிச்சிக் காட்டிட்டா பாரு. முகூர்த்தத்த நிறுத்துங்க. ஒரு வருசம் போவட்டும், மறுபடியும் பூவாட படையல் போட்டுக் கேப்போம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "வூட்டுல யாரு மேல அவளுக்கு என்னா குறையோ."

பெண் முகம் வெளுத்துப்போயிற்று. "அம்மா வேணாங்கறாங்களா அத்த?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கேட்ட விதத்தில், இந்தக் கல்யாணம் நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா வேண்டாம் என்றால் அவள் மணையில் உட்கார மாட்டாள். நானும் அதைத்தான் நம்பினேன். இத்தனை வருஷம் அவளோடு மல்லுக்கு நின்றதற்குக் கூலி கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் பேசினார். சுவரோரம் நின்றிருந்தவர் வந்து புடவைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, அவ வேணான்னு சொல்லல. அவ இந்தப் பொடவைய கட்டிக்கினுதான் இருக்கா. இத்தன வருசமா."

"என்னாடா சொல்ற?"

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவ போன புதுசுல மனசு கேக்காம ஒரு நாள் எடுத்துப் பாத்தேன். நான் மடிச்ச மாதிரியே இருந்துச்சு. அப்புறம் ரெண்டு வருசம் கழிச்சு ஒரு வாட்டி எடுத்தா, மடிப்பே மாறிக் கெடக்குது. முந்திய உள்ள சுருட்டி, கோணமாணயா மூணா மடிச்சு. அவ வேலதான்னு பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சு. அவளுக்குப் பொடவ மடிக்கவே வராதுக்கா. கல்யாணத்துக்குப் போய் வந்தா கழட்டி அப்படியே போட்டுடுவா. நான்தான் கரையோட கரை புடிச்சு மடிப்பேன். பாயிக்கு அடியில வெச்சுப் படுத்து மடிப்பு நிக்க வெப்பேன், யூனிபாரத்துக்கு வெக்கற மாதிரி. போனப்புறமும் அதான். அவ வந்து கட்டிக்குவா, கழட்டி அவசரத்துல வெச்சிட்டுப் போயிடுவா. நான் பகல்ல வூட்ல இருக்கசொல்ல எடுத்து மடிச்சு வெப்பேன். வருசத்துக்கு மூணு நாலு வாட்டி வருவா." அவர் சிரித்தார். அந்த முகத்தை நான் பதினேழு வருஷத்தில் பார்த்ததே இல்லை. "கட்டிக் கட்டித்தான் நைஞ்சிருக்கு. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

கூடத்தில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண் அந்தக் கிழிசலை விரலால் தடவிக்கொண்டு, "அம்மா கட்டினாங்களாப்பா? நெஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அந்த வீட்டில் நடமாடிய பேய் நான்தான். கதவைத் தாழிட்டுக்கொண்டு, கை கழுவிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் செய்த ஒவ்வொரு மடிப்பிலும் அவர் அவளைப் பார்த்திருக்கிறார். நானோ அவர் கையின் ஒவ்வொரு மடிப்பிலும் அவளைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். பேயாகவே இருந்திருந்தால் எனக்குப் பயம் மட்டும்தான் இருந்திருக்கும். இப்போது வயிறு எரிந்தது. பாயில் அந்தப் புடவைமேல் படுத்து, அதற்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல டீ குடிக்கப் போன மனிதர். அதிலும் என் மடிப்பைக் கோணமாணை என்றாரே, அது தனியாக எரிந்தது. கடலூர் கடையில் முதலாளி ஆள் கூப்பிட்டுக் காட்டிய மடிப்பு அது.

நான்தான் மாற்றினேன், அவள் வரவே இல்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருப்பேன், நான் அடக்கிக்கொள்கிற ஆள் இல்லை. பெண்ணைப் பார்த்தேன். மூன்று வயதில் அம்மாவை இழந்த பெண், அம்மா கட்டிக் கட்டி நைந்த முந்தியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, குடுங்க" என்று புடவையை வாங்கிக்கொண்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இது தைக்கற கிழிசல்தான். பின்பக்கம் மெல்லிசா நெட்டுத் துணி வெச்சு ஒத்தைப் பட்டு இழையில புடிச்சிடறேன். முந்திய சின்னச் சின்ன மடிப்பா எடுத்துத் தோள்ல போட்டா கோடு உள்ள போயிடும். கல்யாணம் நிக்க வேணாம்."

அப்புறம் அவரைப் பார்த்தேன். அவரை மட்டும் பார்த்துத்தான் சொன்னேன்.

"என்னங்க. அவங்களுக்கு மடிக்கத் தெரியாம மாத்தி வெக்கல. ஒரே மடிப்புல கெடந்தா பட்டு கிழியும். அது தெரிஞ்சுதான் மாத்தியிருக்காங்க, பொண்ணுக்காக. நீங்கதான் ஒவ்வொரு வாட்டியும் பழைய கோட்டுலயே போட்டு அழுத்தியிருக்கீங்க. இனிமே அவங்க வெச்சா வெச்ச மாதிரியே உடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிறு பையன் மாதிரி தலையை ஆட்டினார். "சரி. இனிமே கை வெக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அவளுக்கு எவ்ளோ விவரம் பாரு" என்றார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நான்தான் கட்டிவிட்டேன். தையல் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெண், புடவையை வியர்வை போக நிழலில் ஆறவிட்டு, டிரை வாஷ் கொடுத்து வாங்கி, என்னிடமே கொண்டுவந்து தந்தாள். அவள் போன ஊர் கடற்கரையை ஒட்டிய ஊர், அங்கே ஜரிகை தாங்காது என்று நான்தான் சொல்லியிருந்தேன். "பொட்டியிலயே இருக்கட்டும் சித்தி. அம்மாவும் வந்தா கட்டிக்குவாங்க" என்றாள்.

புடவையை அவர் எதிரிலேயே பெட்டியில் வைத்தேன், பாதியாக, அவர் மடிப்பில். பரணில் ஏற்றிவிட்டு அவரே கும்பிட்டார்.

"இன்னமும் வருவாளா?" என்று கேட்டார்.

"வருவாங்க" என்றேன்.

அடுத்த தை மாதம், அவர் காலை ஷிஃப்ட் போன ஒரு வெயில் நாளில், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கதவைத் தாழிட்டுவிட்டுப் பெட்டியை இறக்கினேன்.